எரேமியா 29:11 – ஊரில் இருந்தவர்களை விட்டுவிட்டு, நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஏன் இந்த வாக்கு?

குத்துவிளக்கு | 2 ஜனவரி, காலை 7.15

புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே வாக்குத்தத்த அட்டை வந்தது. எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

அட்டையில் இந்த ஒரு வசனம்தான் இருந்தது. வேதத்தைத் திறந்து அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து படித்தால், இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் என்று தெரிகிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: எருசலேம் இடிந்துபோனது, ஆலயம் எரிந்தது, எல்லாம் இழந்து சங்கிலியில் கட்டுண்டு செங்கல் சுமந்தார்கள், அவர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை. அவ்வளவுதானா, இல்லை இன்னும் ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞானதீபம் | 2 ஜனவரி, காலை 9.02

சகோதரி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கி.மு. 586-ல் ஆலயம் எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு 70 வருஷம் சிறையிருப்பு. நொறுங்கிப்போன ஜனத்துக்குக் கர்த்தர் தந்த வாக்கு இது. எல்லாம் போன பிறகும் உங்களுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதுதான் பொருள்.

பனையோலை | 2 ஜனவரி, மதியம் 1.40

ஞானதீபம் அம்மா, ஆண்டு இடிக்கிறது. இந்தக் கடிதம் எழுதப்பட்டபோது ஆலயம் நின்றுகொண்டிருந்தது. எருசலேமில் சிதேக்கியா அரசாண்டுகொண்டிருந்தான். பலி நடந்தது, சந்தை நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டால்தான் குத்துவிளக்கு கேட்டதற்குப் பதில் கிடைக்கும்.

நடந்தது இப்படி. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டான். பாபிலோனின் நாளாகமப் பலகை ஒன்றில் நாளே இருக்கிறது: அவனுடைய ஏழாம் ஆண்டு, ஆதார் மாதம் இரண்டாம் தேதி. நம் கணக்கில் மார்ச் 16. நகரைப் பிடித்தான், ராஜாவைச் சிறைபிடித்தான், தனக்குப் பிடித்த ஒருவனை ராஜாவாக வைத்தான் என்று அந்தப் பலகை சொல்கிறது. பிடிபட்டவன் யோயாக்கீன், எரேமியா "எகொனியா" என்று சொல்லும் அதே ஆள். வைக்கப்பட்டவன் அவனுடைய சிற்றப்பன் சிதேக்கியா.

அப்போது நகரம் இடிக்கப்படவில்லை, ஆட்களைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். ராஜா, ராஜாத்தி, பிரபுக்கள், போர்வீரர், தச்சர், கொல்லர். யார் இல்லாவிட்டால் அந்த ஊரால் மறுபடி கலகம் செய்ய முடியாதோ அவர்களைக் கொண்டுபோனார்கள். இதற்குப் பதினொரு வருஷம் கழித்துத்தான் ஆலயம் எரிந்தது.

ஆகவே யூதா அப்போது இரண்டு கூட்டமாக இருந்தது. ஊரில் மிச்சமிருந்தவர்கள் ஒரு பக்கம், பாபிலோனில் இருந்தவர்கள் ஒரு பக்கம். 29:11 இரண்டாம் கூட்டத்துக்கு. முதல் கூட்டத்துக்கு அதே அதிகாரத்தில் 16 முதல் 19 வரை வேறு செய்தி இருக்கிறது. பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய். அதை யாரும் அட்டையில் அடிப்பதில்லை.

குத்துவிளக்கு | 2 ஜனவரி, மதியம் 2.05

அப்படியென்றால் நான் நினைத்தது தலைகீழ். ஊரில் தங்கியவர்கள்தான் தங்களை ஆசீர்வதிக்கப்பட்டவர்கள் என்று நினைத்திருப்பார்களே? தப்பித்தவர்கள் அவர்கள்தானே?

பனையோலை | 2 ஜனவரி, மாலை 6.30

அப்படித்தான் நினைத்தார்கள். எசேக்கியேல் 11:15 பாருங்கள். எருசலேமின் குடிகள் நாடு கடத்தப்பட்டவர்களைப் பார்த்து, நீங்கள் கர்த்தரைவிட்டுத் தூரப் போனவர்கள், தேசம் எங்களுக்குத்தான் சுதந்தரம் என்று சொல்கிறார்கள். இதில் நில ஆசையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனவன் வயலும் வீடும் இங்கே கிடக்கிறது, அவன் திரும்ப மாட்டான் என்றால் அது யாருக்கு?

எரேமியா 24-ல் இரண்டு அத்திப்பழக் கூடைகள் வருகின்றன. நல்ல பழம் நாடு கடத்தப்பட்டவர்கள், தின்ன முடியாத பழம் ஊரில் இருப்பவர்கள். கேட்டவர்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும்! நல்ல பழம் என்றால் அவர்கள் நல்லவர்கள் என்று பொருள் அல்ல, அவர்களுடைய நடத்தையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. "நான் அனுப்பிவிட்ட" என்றுதான் காரணம் வருகிறது.

கடல்கடந்தவன் | 3 ஜனவரி, அதிகாலை 12.20

அண்ணே, தோஹாவிலிருந்து எழுதுகிறேன். விசா முடிய நான்கு மாதம். இந்த வசனத்தை வைத்துத்தான் புதுப்பித்துக் கிடைக்கும் என்று ஜெபிக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சொன்ன வாக்கு என்றால் எனக்கும் பொருந்தும்தானே?

பனையோலை | 3 ஜனவரி, காலை 8.10

தம்பி, ஜெபியுங்கள், அதில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது சீக்கிரம் ஒரு முடிவு. அவர்களும் அதைத்தான் கேட்டார்கள், கடிதம் அதற்கு "இல்லை" என்றது. முந்தின வசனத்தைப் படியுங்கள். எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. 11-ஆம் வசனம் அந்த எழுபதின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு வருஷம் என்று சொன்ன ஒருவன் இருந்தான். 28-ஆம் அதிகாரத்தில் வருகிறான், கிபியோன் ஊரான் அனனியா. சிதேக்கியாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதம், ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்தார், இரண்டு வருஷத்தில் ஆலயத்துப் பணிமுட்டுகளும் எகொனியாவும் எல்லாச் சிறைகளும் திரும்பி வருவார்கள் என்றான். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான்.

எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான். பிறகுதான், மரநுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் என்ற வார்த்தை வருகிறது. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் இறந்தான்.

சேவல் | 3 ஜனவரி, காலை 10.45

அனனியாவை முட்டாளாகக் காட்டக்கூடாது. அவன் சொன்னதற்கு அரசியல் காரணம் இருந்தது. பனையோலை சொன்ன அதே நாளாகமப் பலகையில், நேபுகாத்நேச்சாரின் பத்தாம் ஆண்டில் பாபிலோனுக்குள்ளேயே ஒரு கலகம் பதிவாகியிருக்கிறது. கி.மு. 595 டிசம்பரும் அடுத்த ஜனவரியும். படையில் பலரைக் கொன்றுதான் அடக்கினான். அந்தச் செய்தி எருசலேமுக்கு வந்திருக்கும். மறு ஆண்டே ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ராஜாக்களின் தூதர்கள் சிதேக்கியாவிடம் கூடுகிறார்கள் (எரேமியா 27). பேரரசு ஆடுகிறது, இப்போது தள்ளினால் விழும் என்பது அன்றைய நிலையில் நியாயமான கணிப்பு.

பனையோலை | 3 ஜனவரி, காலை 11.30

ஏற்றுக்கொள்கிறேன். நல்ல சேர்க்கை. அனனியா கனவு கண்டவன் அல்ல, செய்தி படித்தவன். தவறான கணிப்புக்கு அவன் கர்த்தரின் கையெழுத்தைப் போட்டதுதான் குற்றம்.

பாபிலோனிலும் இதே பேச்சு நடந்தது. அங்கே கொலாயாவின் மகன் ஆகாப், மாசெயாவின் மகன் சிதேக்கியா (ராஜா வேறு, இவன் வேறு) என்று இரண்டு தீர்க்கதரிசிகள். பாபிலோன் ராஜா இவர்களை நெருப்பில் வாட்டிக் கொல்லுவான் என்று 29:22 சொல்கிறது. எரேமியா அவர்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டு விபசாரமும் பொய்த் தீர்க்கதரிசனமும். ஆனால் ஒரு ராஜா அதற்காக ஆளை எரிக்க மாட்டான், "சீக்கிரம் விடுதலை" என்ற பேச்சு அவன் காதில் ராஜத்துரோகமாக விழுந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

ஞானதீபம் | 3 ஜனவரி, மாலை 5.15

ஆண்டு விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி ஐயா. ஆனால் ஒன்று. வசனத்தில் கர்த்தர் நம்மை வளமாக்கும் திட்டம் வைத்திருக்கிறார் என்றுதானே இருக்கிறது? ஆங்கிலத்தில் அப்படித்தான் பிரசங்கிக்கிறார்கள். அந்த வளம் கைதிகளுக்கு எப்படி வரும்?

பனையோலை | 3 ஜனவரி, இரவு 9.50

அம்மா, "வளம்" என்பது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லே இல்லை, "சமாதானம்" என்றுதான் இருக்கிறது. எபிரெயத்தில் ஷாலோம். இந்த இடத்தில் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நான்கு வசனம் மேலே போங்கள், 7-ஆம் வசனம்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்."

மூன்று முறை சமாதானம். எபிரெயத்திலும் மூன்று முறை ஷாலோம். பிறகு 11-ல் அதே சொல். ஆகவே 11-ல் வருவது எது என்று கடிதமே சொல்லிவிட்டது. பாபிலோனின் தெரு அமைதியாக இருந்தால் உங்கள் வீடும் அமைதியாக இருக்கும், பாபிலோன் எரிந்தால் நீங்களும் எரிவீர்கள். எதிரியின் தலைநகருக்காக ஜெபிக்கச் சொல்வது, ஆகாப் சொன்னதற்கு நேர் எதிர். 7-ஆம் வசனத்தை வெட்டிவிட்டால் 11-க்குள் நாம் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வளம் என்ற பொருள் அப்படி வந்து உட்கார்ந்ததுதான்.

இன்னொன்று, "உங்கள்பேரில்". இன்றைய பேச்சில் ஒருவரை மரியாதையாக அழைக்கவும் "நீங்கள்" என்கிறோம். அதனால் அட்டையைப் படிப்பவர் தன்னைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒருவரிடம் பேசினால் "நீ" என்றுதான் வரும். எரேமியாவை "உன்னை அறிந்தேன்" என்கிறார், உங்களை என்று அல்ல. ஆக இங்கே "உங்கள்" என்பது பன்மை மட்டுமே. எபிரெயமும் பன்மைதான். ஒரு சமூகத்துக்குச் சொன்னது.

மணல்மேடு | 4 ஜனவரி, காலை 6.40

தாமதமாக வருகிறேன். குத்துவிளக்கு அக்கா முதலில் எழுதிய "சங்கிலி, செங்கல்" பற்றி யாரும் பேசவில்லை. செங்கல் எகிப்துக் கதை. பாபிலோனில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குக் களிமண் பலகைகளே இருக்கின்றன.

முதலில் ராஜா. கோல்டவே பாபிலோனில் தோண்டியபோது அரண்மனையில் கிடைத்த படிப் பலகைகளை 1939-ல் வைட்னர் வெளியிட்டார். அதில் "யூதாவின் ராஜா" என்ற பட்டத்தோடு யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அவனுடைய ஐந்து மகன்களுக்குச் சேர்த்து இரண்டரை சிலா, அதாவது ஆளுக்கு அரை சிலா. ஒரு சிலா ஏறக்குறைய நம் ஒரு லிட்டர். ஒரு பலகையின் ஆண்டு கி.மு. 592. கைதி ராஜா உயிரோடு, பட்டத்தோடு, அரண்மனைச் செலவில் இருந்தான்.

அடுத்து சாதாரண ஜனம். "யூதாவின் ஊர்" என்று பொருள்படும் ஆல்-யாகூது என்ற கிராமத்தின் பத்திரங்களையும் சுற்றுப்புறப் பத்திரங்களையும் 2014-ல் பியர்ஸ், வுன்ஷ் என்ற இரு அறிஞர்கள் பதிப்பித்தார்கள். பழையது கி.மு. 572. கடைசியானது கி.மு. 477. பார்லி, பேரீச்சை, குத்தகை, கடன், வரி. இந்தப் பலகைகள் தோண்டியெடுத்த இடம் தெரியாமல் பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை, அதனால் கிராமம் எங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது. நிப்பூர் பக்கம் என்று உள்ளே வரும் பெயர்களை வைத்துச் சொல்கிறார்கள்.

அவர்கள் அடிமைகள் அல்ல. முழுச் சுதந்திரமும் கிடையாது. அரசன் நிலம் கொடுப்பான், பதிலுக்கு வரியும் ஆள் வேலையும், சில நிலத்துக்கு ஒரு வில்லாளியும் தர வேண்டும். நிலத்தை விட்டு நினைத்தபடி போக முடியாது.

மணல்மேடு | 4 ஜனவரி, காலை 7.05

மேலே விட்டுப்போனது. கடிதத்தின் 5-ஆம் வசனம் தோட்டம் போடச் சொல்கிறது. அந்த நாட்டில் தோட்டம் என்றால் முதலில் பேரீச்சைதான். தாய் மரத்தின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவார்கள். விதையிலிருந்து வந்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போகும், பழமும் தாயைப்போல் இருக்காது. கன்று நட்டுக் காய்ப்பு பார்க்க நான்கைந்து வருஷம், நிறைந்த காய்ப்புக்குப் பத்து வருஷம்போல ஆகும். முதல் சில வருஷம் வாய்க்கால் தண்ணீர் தவறவே கூடாது, கன்று பட்டுப்போகும். நடுவில் ஊடுபயிராகப் பார்லியோ வெங்காயமோ போடலாம்.

இப்போது அனனியாவின் இரண்டு வருஷத்தை இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புபவன் பேரீச்சை நடமாட்டான், வாய்க்கால் தூர் வார மாட்டான். நிலம் உப்புப் பூத்துப்போகும், வரி மட்டும் நிற்கும். கடிதம் ஏறத்தாழ கி.மு. 594-ல் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டு நட்டவன் 589 வாக்கில் முதல் குலையை அறுத்திருப்பான். அடுத்த ஆண்டு எருசலேமின் கடைசி முற்றுகை தொடங்குகிறது. அனனியாவை நம்பி மூட்டை கட்டிக் காத்திருந்தவன் கையில் அப்போது ஒன்றும் இல்லை.

குத்துவிளக்கு | 4 ஜனவரி, காலை 8.30

இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நட்டவன் சாப்பிட்டான். "அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று அதே வசனத்தில் இருக்கிறதே.

சேவல் | 4 ஜனவரி, காலை 9.10

எல்லாரும் நட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆல்-யாகூதுவின் முதல் பலகை 572. அந்தக் குடிகள் 597-ல் வந்தவர்களா, 586-ல் வந்தவர்களா என்று பலகை சொல்லவில்லை. கடிதத்தைக் கேட்டு நட்டார்கள் என்பதும் பலகையில் இல்லை.

மணல்மேடு | 4 ஜனவரி, காலை 9.40

சரிதான். பலகை, நிலைமை எப்படி இருந்தது என்று காட்டும். கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்று காட்டாது. ஆனால் 592-ல் எசேக்கியேல் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், யூதாவின் மூப்பர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் (8:1). ஐந்தாறு வருஷத்தில் ஒரு நாடு கடத்தப்பட்ட ஆசாரியனுக்குச் சொந்த வீடு. அவ்வளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்.

நெய்தல் | 4 ஜனவரி, மதியம் 3.20

வீடு, தோட்டம், கல்யாணம். இந்த மூன்றும் இதே வரிசையில் உபாகமம் 20-ல் வருவதைக் கவனித்தீர்களா? அங்கே போருக்கு முன் அதிபதிகள் படையைப் பார்த்துக் கேட்பார்கள். புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் யார், திராட்சத் தோட்டம் போட்டு இன்னும் பழம் அனுபவிக்காதவன் யார், பெண்ணை நிச்சயம் செய்து இன்னும் கொள்ளாதவன் யார்? அவன் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.

இந்த மூன்றும் உள்ளவனுக்குப் போரிலிருந்து விலக்கு. வேதம் தெரிந்த ஒரு யூதன் காதில் "வீடு கட்டு, தோட்டம் போடு, பெண் கொள்" என்று விழுந்தால், "ஆயுதம் எடுக்காதே" என்றுதான் கேட்கும். அதைச் சொல்லாமல் சொன்னதால் பாபிலோன் அதிகாரிகள் படித்தாலும் கடிதத்தில் ஆபத்து இல்லை.

பனையோலை | 4 ஜனவரி, மாலை 4.45

இது எனக்குத் தோன்றவே இல்லை. அழகு. கடிதம் போன வழியோடும் பொருந்துகிறது. அதைக் கொண்டுபோனவர்கள் சாப்பானின் மகன் எலெயாசா, இல்க்கியாவின் மகன் கெமரியா. இருவரும் சிதேக்கியா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய அரசுத் தூதர்கள். அவர்கள் பையில் போகிற ஓலை எதிரியின் அரண்மனை வரை போகிறது. சாப்பான் குடும்பம் எரேமியாவுக்கு வேண்டப்பட்டது, அகீக்காம் அவர் உயிரைக் காப்பாற்றியதை 26-ஆம் அதிகாரம் சொல்கிறது.

பயணம் எவ்வளவு நாள் என்றால், பிற்காலத்தில் எஸ்றா எதிர்த்திசையில் வந்தபோது முதல் மாதம் முதல் தேதி கிளம்பி ஐந்தாம் மாதம் முதல் தேதி சேர்ந்தார். பெரிய கூட்டம், அதனால் மெதுவாக. தூதர்கள் இன்னும் வேகமாகப் போயிருப்பார்கள்.

கடல்கடந்தவன் | 4 ஜனவரி, இரவு 11.55

எழுபது வருஷம் என்றால் கேட்டவன் செத்துப்போவானே அண்ணே. அப்புறம் "உங்களுக்கு" என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

பனையோலை | 5 ஜனவரி, காலை 7.20

தம்பி, உங்களுடைய கேள்வி இந்த இழையிலேயே கனமான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 597-ல் 25 வயதான ஒரு கொல்லன். கோரேஸ் அனுப்பிவைத்தது 538. உயிரோடு இருந்தால் அவனுக்கு 84. அவன் பாபிலோனுக்கு வந்த மறுவருஷம் பிறந்த மகனுக்கு 58. பேரன்தான் மூட்டை தூக்கி நடந்திருப்பான். 6-ஆம் வசனம் இதையே முன்கூட்டிச் சொல்கிறது: நீங்கள் பெண் கொள்ளுங்கள், பிள்ளை பெறுங்கள், உங்கள் குமாரருக்குப் பெண் கொள்ளுங்கள், அவர்களும் பெறட்டும். மூன்று தலைமுறை. "அங்கே குறுகாமல் பெருகுங்கள்."

பன்மை "உங்கள்" இப்போது ஏன் தேவை என்று தெரிகிறதா? கடிதத்தைக் கையில் வாங்கியவனும் திரும்பி நடந்தவனும் ஒரே ஆள் அல்ல, ஆனால் ஒரே "உங்கள்". வாங்கியவனுக்குக் கிடைத்தது வீடும், பேரீச்சையும், பேரப்பிள்ளையும். அது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம் அவன் எருசலேமைத் திரும்பப் பார்க்கவில்லை. அந்த வலியைக் கடிதம் மறைக்கவில்லை, நாமும் மறைக்கக்கூடாது.

சேவல் | 5 ஜனவரி, காலை 8.00

538-ஐ வைத்தால் 59 வருஷம்தான் ஆகிறது. எழுபது எங்கே?

ஞானதீபம் | 5 ஜனவரி, காலை 8.35

ஆலயம் 586-ல் இடிந்தது, 516-ல் திரும்பக் கட்டி முடிந்தது. சரியாக எழுபது.

பனையோலை | 5 ஜனவரி, காலை 9.15

அம்மா சொல்வது சகரியா புத்தகத்தின் கணக்கோடு ஒத்துப்போகும். ஆனால் கடிதம் ஆலயத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆலயம் அப்போது நின்றுகொண்டிருந்தது. எபிரெயத்தில் 10-ஆம் வசனம் "பாபிலோனுக்கு எழுபது வருஷம்" என்கிறது. தமிழில் "பாபிலோனில்" என்று வந்துவிட்டது. பாபிலோனுக்கு என்றால் அதன் ஆட்சிக்காலம். அசீரியாவின் கடைசி மிச்சம் ஆரானில் அழிந்த 609-லிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை எண்ணினால் எழுபது. கர்கேமிஷ் போர் நடந்த 605-லிருந்து எண்ணினால் 66.

எனக்கு 609 பிடிக்கும். ஆனால் அந்த ஆண்டில் எருசலேமில் யாரும் "இன்று முதல் எண்ணுங்கள்" என்று சொல்லவில்லை.

மணல்மேடு | 5 ஜனவரி, காலை 10.30

எழுபது அந்தப் பக்கத்தில் முன்பே புழங்கிய எண். அசீரிய ராஜா எசரத்தோனின் கல்வெட்டில், பாபிலோனின் தெய்வமான மர்துக் கோபத்தில் அந்த நகரம் எழுபது வருஷம் பாழாகக் கிடக்கும் என்று விதித்தார், பிறகு மனமிரங்கி எண்ணைத் தலைகீழாக்கிப் பதினொன்று ஆக்கினார் என்று வரும். ஆப்பெழுத்தில் எழுபதின் குறிகளை இடம் மாற்றினால் பதினொன்று. கடிதத்தைக் கேட்ட பாபிலோன்வாசிகளுக்கு இந்தக் கதை எட்டியிருந்தால், அந்த எண் ஒரு மனித ஆயுளாகவும் தெய்வம் விதித்த தண்டனைக் காலமாகவும் விழுந்திருக்கும்.

சேவல் | 5 ஜனவரி, காலை 11.10

அப்படியானால் அது முழு எண், துல்லியக் கணக்கு அல்ல. பிறகு யாரோ எழுதிச் சேர்த்திருந்தால் 59 என்று சரியாகப் போட்டிருப்பார்களே என்ற வாதமும் இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கிரேக்க மொழிபெயர்ப்பில் 16 முதல் 20 வரை இல்லை, 11-ஆம் வசனமும் குட்டையாக இருக்கிறது, "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அங்கே கிடையாது, "இவைகளை உங்களுக்குக் கொடுக்க" என்று முடிந்துவிடும். ஆக இந்த அதிகாரத்தில் கை பட்டிருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

பனையோலை | 5 ஜனவரி, மதியம் 12.50

16 முதல் 20 வரை பின்னால் சேர்ந்தது என்றால் நான் முதல் நாள் எழுதியதன் ஒரு பகுதி தளர்கிறது, ஊர்க்காரர்களுக்கான செய்தி கடிதத்துக்குள் இருந்தது என்றேன். அத்திப்பழம் 24-ல் தனியாகவே இருப்பதால் கருத்து விழாது. ஆனால் கடிதத்துக்குள் என்று அடித்துச் சொன்னது அதிகம்.

குத்துவிளக்கு | 5 ஜனவரி, இரவு 8.15

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? பதில் ஏதாவது இருக்கிறதா?

நெய்தல் | 5 ஜனவரி, இரவு 8.50

இருக்கிறது அக்கா, அதே அதிகாரத்தின் கடைசியில். செமாயா என்று ஒருவன் பாபிலோனிலிருந்து எருசலேம் ஆசாரியன் செப்பனியாவுக்குத் திருப்பி எழுதினான். ஆலயத்தில் பைத்தியம் பிடித்துத் தீர்க்கதரிசனம் சொல்பவனைத் தொழுவில் போடுவதுதானே உன் வேலை, ஆனதோத்தூரான் எரேமியாவை ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்டான். அவனுக்குப் பிடிக்காதது எது என்றும் எழுதினான்: இது நெடுங்காலம் செல்லும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினானே!

சமாதான நினைவுகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. அவனைச் சுட்டது 5-ஆம் வசனம். நமக்கு அட்டையில் வருவது 11.

கடல்கடந்தவன் | 6 ஜனவரி, அதிகாலை 12.40

செப்பனியா என்ன செய்தான்?

நெய்தல் | 6 ஜனவரி, காலை 6.10

அந்தக் கடிதத்தை எரேமியா கேட்க வாசித்துக் காட்டினான். தொழுவில் போடவில்லை.